நின்றுபோன வாடிக்கையாளரின் விலை: ஒரு மளிகை மொத்த வியாபாரத்தின் பதிவேட்டைச் சீரமைத்த அனுபவம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்திலும் அதற்கு வெளியிலும் உள்ள உணவகங்கள், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகள், விருந்துச் சமையல் எடுத்துச் செய்பவர்கள் ஆகியோருக்கு அரிசி, எண்ணெய், பருப்பு, மசாலைத் தூள் முதலியவற்றை அனுப்பும் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் கணக்கும் தரவும் என் பொறுப்பில் உள்ளன. எங்கள் வியாபாரத்தில் சந்தா கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. கைத்தொலைபேசி நிறுவனத்தை விட்டு ஒருவர் விலகினால் அந்த நாளே அது பதிவாகிவிடும்; மளிகைக் கடையை விட்டு விலகும் உணவகமோ எதையும் சொல்லாது, வேறோர் இடத்தில் சரக்கெடுக்கத் தொடங்கிவிடும், அவ்வளவுதான். ஆகவே யார் போய்விட்டார், யார் போய்க்கொண்டிருக்கிறார், அவர் போனால் நமக்கு எவ்வளவு போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பழைய இன்வாய்ஸ்களிலிருந்தே விடை எடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் எங்கள் சிஆர்எம் மென்பொருளில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. கடைசி 90 நாள்களுக்குள் வாங்கியவர் நடப்பு வாடிக்கையாளர், மற்றவர் விலகியவர் என்று அது பிரித்து வைத்திருந்தது. நான்கு நாள்களுக்கு ஒருமுறை சரக்கெடுத்து வந்த உணவகம் நாற்பது நாள்களாக எட்டிப் பார்க்காதபோதும் அது நடப்புப் பட்டியலிலேயே பச்சை நிறத்தில் நின்றது. ஆண்டுக்கு மூன்று நான்கு பெரிய விருந்துகளுக்கு மட்டும் வாங்கும் சமையல்காரர் ஒருவரோ ஒவ்வோர் ஆண்டும் விலகியவராகி, தீபாவளிக்கு முன் மீண்டும் புதியவராகப் பிறந்துகொண்டிருந்தார். ஒரே அளவுகோலை எல்லாருக்கும் வைத்ததுதான் இதற்குக் காரணம்; அதை மாற்றுவதற்கு முன்னால் தரவைச் சுத்தம் செய்யாமல் முடியாது.

யார் ஒருவர், யார் இருவர்

ஒரே உணவகம் மூன்று பெயர்களில் பதிவாகியிருப்பது எங்கள் ஊரில் புதிதன்று. கடையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயர், பதிவுபெற்ற நிறுவனத்துக்கு வேறு பெயர், உரிமையாளரின் பெயரில் ஒரு பழைய கணக்கு என்று அது சிதறிக் கிடக்கும். பெயரை வைத்துப் பொருத்த முயன்றால், முன்னெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும், ஒரே பெயர் பிரித்தும் சேர்த்தும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதும் குழப்பத்தையே கூட்டும். சிங்கப்பூரில் ஒவ்வொரு வணிக அமைப்புக்கும் யூஇஎன் என்னும் தனி எண் உண்டு என்பதால் அதையே முதல் திறவுகோலாக வைத்தோம். ஆனால் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு கிளைகள் இருந்தால் இரண்டுக்கும் யூஇஎன் ஒன்றே. ஒரு கிளை நின்றுபோனதை மற்றொன்று மறைத்துவிடும். எனவே யூஇஎன்னுடன் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் கடை எண்ணையும் சேர்த்ததையே ஒரு வாடிக்கையாளராகக் கொண்டோம்.

பழைய பதிவுகளில் தனி உரிமையாளர் சிலரின் அடையாள அட்டை எண்ணே வாடிக்கையாளர் எண்ணாக இருந்தது. சட்டம் கேட்காத இடத்தில் அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் திரட்டி வைத்திருக்கக்கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளதால், அந்த எண்களை நீக்கிவிட்டு யூஇஎன்னை வைத்தோம். மூலக்கோப்பின் நகலிலிருந்தும் நீக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் கை மாறும் கடைகள். உணவகத்தை ஒருவர் மற்றொருவருக்கு விற்கும்போது இடம் அதே, சமையல்காரர் பெரும்பாலும் அதே, வாங்கும் சரக்கும் அதே. ஆனால் நிறுவனம் புதிது, யூஇஎன் புதிது. கணக்கில் ஒருவர் விலகியதாகவும் மற்றொருவர் புதிதாக வந்ததாகவும் தெரியும், இரண்டுமே பொய். ஓர் அஞ்சல் குறியீட்டிலும் கடை எண்ணிலும் ஒரு கணக்கு நின்ற ஆறு வாரங்களுக்குள் மற்றொரு கணக்கு தொடங்கியிருந்தால் அதைக் கைமாற்றம் என்று தனியாகக் குறித்தோம். அதேபோல், நின்றுபோன கணக்குகளின் யூஇஎன்னை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடி, அந்த நிறுவனம் இன்னும் நடப்பில் உள்ளதா அல்லது பதிவு நீக்கப்பட்டதா என்று பார்த்தோம். மூடிய கடையை யாராலும் தக்கவைத்திருக்க முடியாது. அதையும் நம்மை விட்டு வேறு கடைக்குப் போனவரையும் ஒரே தட்டில் வைத்தால், விற்பனையாளர் மீது வீண்பழி விழும்.

அடுத்து வெள்ளிக் கணக்கு. மென்பொருளிலிருந்து எடுத்த எங்கள் பழைய கோப்பில் வரி சேர்ந்த தொகை மட்டுமே இருந்தது. பொருள் சேவை வரி 2022 வரை 7 விழுக்காடு, 2023இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. ஒரே அளவு சரக்கை வாங்கி வந்தவர்கூட வரியினாலேயே வளர்ந்தவராகத் தோன்றுவார். இன்வாய்ஸ் தேதிக்கு ஏற்ப 1.07, 1.08, 1.09 ஆகியவற்றால் வகுத்து வரியை நீக்கினோம். அரிசிக்கு இதுவும் போதவில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்து, ஆகஸ்ட்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தபோது விலைகள் ஏறின. மூட்டைகளைக் குறைத்துக்கொண்ட உணவகத்தின் வெள்ளிக் கணக்கு அப்படியே நின்றது. ஆகையால் அரிசியைக் கிலோவிலும், மற்றவற்றை வரி நீக்கிய வெள்ளியிலும் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அவரவர் இடைவெளி

ஒருவர் போய்விட்டாரா என்பதை அவருடைய சொந்தப் பழக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அடுத்தடுத்த இரண்டு கொள்முதல்களுக்கு இடைப்பட்ட நாள்களை எடுத்தோம். ஒரே நாளில் இரண்டு இன்வாய்ஸ் இருந்தால் இடைவெளி பூஜ்யமாகிக் கணக்கைக் கெடுக்கும் என்பதால் முதலில் தேதிகளை ஒன்றாக்க வேண்டும்.

```sql
SELECT cust_id, d,
       julianday(d) - julianday(LAG(d) OVER
         (PARTITION BY cust_id ORDER BY d)) AS gap
FROM (SELECT DISTINCT cust_id, date(inv_date) AS d
      FROM invoices);
```

இது எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஓடும். நம் ஊர்ப் பழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதி இருந்தால் `date()` வெறுமையையே திருப்பித் தரும். முன்கூட்டியே `2024-03-05` என்ற வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

பிறகு ஓராண்டின் இடைவெளிகளை ஏறுவரிசையில் அடுக்கி, அவற்றில் பத்தில் ஒன்பது எந்த எண்ணுக்குள் அடங்குகின்றன என்று பார்த்தோம். அந்த எண்ணைப் போல் இருமடங்கு நாள்கள் கடந்தும் ஆள் வராவிட்டால் எச்சரிக்கை. நான்கு நாள்களுக்கு ஒருமுறை வாங்கும் உணவகத்துக்கு அந்த எண் 6 என்றால் 12 நாளில் கொடி எழும். விருந்துச் சமையல்காரருக்கு அது 120 என்றால் 240 நாள் வரை யாரும் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. சராசரியை எடுக்காததற்குக் காரணம் உண்டு: உரிமையாளர் ஊருக்குப் போய்க் கடையைப் பூட்டிய ஒரே ஒரு நீண்ட இடைவெளி சராசரியை இழுத்துவிடும். ஆறு இடைவெளிகள்கூட இல்லாத புதியவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவர்களுக்கு அவர்கள் சார்ந்த தொழில் வகையின் பொது எண்ணையே வைத்தோம்.

நாள்காட்டி இங்கே நிறையத் தலையிடுகிறது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகள் ஜூன் மாதத்திலும் ஆண்டு இறுதியிலும் வாரக்கணக்கில் மூடியிருக்கும். அந்த நாள்களை இடைவெளியிலிருந்து கழித்துவிட்டோம். முஸ்லிம் உணவகங்கள் பலவற்றின் கொள்முதல் நோன்பு மாதத்தில் வேறு தாளத்துக்கு மாறும். அதைப் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் தவறாகும், ஏனெனில் நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. நோன்பு தொடங்கும் நாளையே பூஜ்யமாகக் கொண்டு ஒப்பிட்டபின்தான் வீண் எச்சரிக்கைகள் குறைந்தன.

விதி சரியா என்று பார்க்க, ஓராண்டுக்கு முந்தைய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று நம்மிடம் இருந்திருக்கக்கூடிய தரவை மட்டும் கொடுத்து ஓட்டினோம். கொடி எழுந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் யாரும் அழைக்காமலே பின்னர் வந்து வாங்கியிருந்தனர். இந்த விகிதத்தை மனத்தில் வைத்திருப்பது அவசியம். பின்னாளில் விற்பனையாளர் அழைத்த பிறகு திரும்பியவர்களையெல்லாம் அழைப்பினால் மீட்கப்பட்டவர்கள் என்று எழுதிவிட்டால், பலன் இருமடங்காகத் தோன்றும்.

ஆனால் இடைவெளி மட்டும் பார்த்தால் தப்பிவிடும் ஒரு வகை விலகல் உண்டு. எங்கள் தொழிலில் அதுவே பெரியது என்று இப்போது நினைக்கிறேன். வாழையிலைச் சாப்பாடு போடும் ஓர் உணவகம் வழக்கம்போல நான்கு நாள்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. மாத விற்பனை 3,200 வெள்ளியிலிருந்து 2,750 வெள்ளிக்கு இறங்கியிருந்தது; 14 விழுக்காடு என்பது மாதத்துக்கு மாதம் வந்து போகும் ஏற்ற இறக்கம்தான். பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் அரிசியும் எண்ணெயும் அப்படியே இருக்க, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்பு ஆகிய மூன்றும் இன்வாய்ஸிலிருந்து முற்றாக மறைந்திருப்பது தெரிந்தது. அரிசியிலும் எண்ணெயிலும் கொள்முதல் விலை போக நமக்கு மிஞ்சுவது 8 விழுக்காடு, மசாலையில் 28. அதாவது முன்பு 220ம் 126ம் சேர்ந்து 346 வெள்ளி மிஞ்சிய இடத்தில் இப்போது 220 மட்டுமே. விற்பனையில் 14 விழுக்காடு குறைந்தால் மிஞ்சுவதில் 36 விழுக்காடு போயிருக்கிறது.

விற்பனையாளர் அண்ணன் நேரில் போய்க் கேட்டபோது காரணம் எளிதாக இருந்தது. மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் ஒரு கிலோப் பொட்டலத்தில் விற்பதை நாங்கள் நிறுத்திவிட்டு ஐந்து கிலோப் பை மட்டுமே அனுப்பத் தொடங்கியிருந்தோம். அந்தச் சமையலறையில் பையைப் பிரித்துக் கொட்டிவைக்க இடமில்லை. அடுப்படி ஆவியிலும் நம் ஊர் ஈரக்காற்றிலும் பிரித்த தூள் கட்டி தட்டிப் போகிறது. சோம்பு மட்டும் ஏன் நின்றது என்று கேட்டதற்கு, தூள் வாங்கும் கடையிலேயே அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகப் பதில் வந்தது. கிலோப் பொட்டலம் திரும்ப வந்தது, மூன்று பொருள்களும் திரும்ப வந்தன. அதன்பின் பட்டியலைப் பொருள்வகைவாரியாகவும் ஓட்டுகிறோம்: ஒருவர் வழக்கமாக வாங்கும் ஒரு வகை, அவருடைய இடைவெளிக் கணக்கின்படி வரவேண்டிய நாளைத் தாண்டிவிட்டால், ஆள் வந்துகொண்டிருந்தாலும் கொடி எழும்.

போனால் எவ்வளவு

முதலாளியின் மனத்தில் பெரிய வாடிக்கையாளர் என்றால் பெரிய இன்வாய்ஸ். சிஆர்எம்மில் வரும் வழக்கமான பிரிப்பும் அப்படித்தான்: எவ்வளவு அண்மையில், எத்தனை முறை, எவ்வளவு வெள்ளிக்கு வாங்கினார் என்று மூன்று மதிப்பெண் கொடுத்துக் கூறுபோடும். மூன்றாவது மதிப்பெண்ணில் விற்பனைத் தொகையை வைத்தால் அரிசி வாங்குவோர் எல்லாரும் மேலே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த இடத்தில், அவர் போனால் நாம் இழப்பது எவ்வளவு என்ற எண்ணை வைத்தோம்.

இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் பெரிய உணவகம், மாதம் 6,000 வெள்ளிக்கு அரிசியும் எண்ணெயும். 8 விழுக்காடு என்றால் 480 வெள்ளி மிஞ்சும். அவருக்கு 60 நாள் கடன் தவணை, எனவே எப்போதும் 12,000 வெள்ளி அவரிடம் நிற்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்று வைத்தால் மாதத்துக்கு 60 வெள்ளி. மாதம் எட்டு டெலிவரி நடை, நடைக்கு 5 வெள்ளி வீதம் சரக்கெடுத்து அடுக்கும் பகுதிநேர ஆள் செலவு 40. எஞ்சுவது 380. இரண்டாமவர் சின்னக் கடை, மாதம் 1,800 வெள்ளிக்கு மசாலை மட்டும். 28 விழுக்காடு என்றால் 504. ஒரு வாரத்தில் பணம் தந்துவிடுவதால் வட்டி 2 வெள்ளி, நான்கு நடைக்கு 20. எஞ்சுவது 482. மூன்றிலொரு பங்குகூட வாங்காதவர் போனால்தான் இழப்பு அதிகம்.

இங்கே லாரிச் செலவைக் கழிக்கவில்லையே என்று எங்கள் கணக்காளர் கேட்டார், கேட்கத்தான் வேண்டும். எங்கள் லாபக் கணக்கில் நடைக்கு 22 வெள்ளி லாரிச் செலவாகப் பகிரப்படுகிறது. அதைக் கழித்தால் முதலாமவரிடம் மிஞ்சுவது 204 வெள்ளி மட்டுமே. ஆனால் அவர் நாளை நின்றுவிட்டால் அந்த 176 வெள்ளி நம் பைக்குத் திரும்பி வராது. லாரியின் வாகன உரிமைச் சான்றிதழுக்கு முன்பே பணம் கட்டியாகிவிட்டது, ஓட்டுநர் சம்பளம் மாதச் சம்பளம், வண்டி நிறுத்தும் கட்டணமும் மாதக் கட்டணம். அதே தெருவில் மற்ற கடைகளுக்கு லாரி போய்த்தான் ஆகவேண்டும். அவர் சுமந்த 176 வெள்ளியை மீதமுள்ளவர்கள் சுமப்பார்கள். ஆகவே ஒருவரால் கிடைக்கும் லாபம் என்பதும் அவரை இழப்பதன் விலை என்பதும் இருவேறு எண்கள். விலை பேசும்போது முன்னதும், தக்கவைக்க எவ்வளவு செலவிடலாம் என்று பார்க்கும்போது பின்னதும் வேண்டும். ஒரு தடத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து போய், ஒரு நடையையே நிறுத்திவிட முடிகிற நிலை வந்தால் மட்டும் டீசலும் சாலைக் கட்டணமும் மிச்சமாகும். அப்போது கணக்கை அந்தத் தடத்துக்கே மொத்தமாகப் போட வேண்டும்.

மாத இழப்பை எத்தனை மாதத்துக்கு நீட்டுவது? ஓராண்டுக்கு மேல் நம்மிடம் இருப்பவர்களில், கைமாற்றத்தைக் கழித்துப் பார்த்தால், மாதந்தோறும் ஏறக்குறைய 2 விழுக்காட்டினர் நின்றுபோகிறார்கள். அந்த வேகத்தில் 24 மாத முடிவில் நூற்றில் 62 பேர்தான் இருப்பார்கள். வட்டியையும் மாதத்துக்கு அரை விழுக்காடு கழித்தால், மாத இழப்பை 24ஆல் பெருக்குவதற்குப் பதில் 17.8ஆல் பெருக்க வேண்டும்:

```
q = 0.98 / 1.005
q * (1 - q^24) / (1 - q) = 17.8
```

சின்னக் கடையின் விலை இதன்படி சுமார் 8,580 வெள்ளி, பெரிய உணவகத்தின் விலை 6,760. எல்லை இல்லாமல் கூட்டினால் சின்னக் கடைக்கு 18,900 வெள்ளிக்கு அருகில் வரும், ஆனால் உணவகங்களின் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கே போடப்படும் ஊரில் அந்த எண்ணை எந்த முதலாளியும் நம்ப மாட்டார். 24 மாதத்தோடு நிறுத்துவது என் முடிவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில மாதங்களில் மிக வேகமாக உதிர்கிறார்கள். அவர்களையும் பழையவர்களையும் ஒன்றாகச் சேர்த்து விகிதம் எடுத்தால், பழையவரின் விலை குறைந்தும் புதியவரின் விலை கூடியும் வரும். புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க ஐந்து மடங்கு செலவாகும் என்று விற்பனைக் கருத்தரங்குகளில் சொல்லப்படும் கணக்கை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மாதிரிப் பொட்டலம், முதல் மாதத் தள்ளுபடி, விற்பனையாளர் நேரம் ஆகியவற்றை நம் ஏட்டிலிருந்தே கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது திங்கட்கிழமை காலையில் ஒரே ஒரு பட்டியல் அச்சாகிறது. கொடி எழுந்தவர்களை இழப்பின் விலைப்படி இறங்குவரிசையில் வைத்து, முதல் பத்துப் பேரை மட்டும் விற்பனையாளரிடம் கொடுக்கிறோம், ஏனெனில் ஒரு வாரத்தில் அவரால் ஒழுங்காகப் பேச முடிவது அவ்வளவுதான். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எந்த வகைப் பொருள் நின்றது, எத்தனை நாள் தாமதம் என்ற இரண்டு குறிப்பும், காரணம் எழுத ஒரு கட்டமும் உண்டு. மூடியது, கை மாறியது, விலை, தரம், பொதி அளவு, டெலிவரி நேரம், கடன் தவணை என்ற ஏழில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 'மற்றவை' என்ற கட்டத்தை வேண்டுமென்றே வைக்கவில்லை, வைத்தால் எல்லாம் அதிலேயே போய்ச் சேரும்.

கொடி எழுந்தவர்களில் தாமாகவே திரும்புபவர் எத்தனை பேர் என்பதைத் தொடர்ந்து அறிய, பட்டியலின் கீழ்ப்பாதியிலிருந்து சிலரை அழைக்காமல் விட்டுவைக்கிறோம். மேல்பாதியில் அப்படிச் செய்ய முதலாளி சம்மதிக்கவில்லை, எண்ணிக்கையும் சில நூறுதான் என்பதால் ஒப்பீடு இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கடை வாசலில் ரொக்கம் கொடுத்து வாங்கிப்போகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவர்களுக்கு எண் கிடையாது. யூஇஎன்னைச் சொன்னால் இன்வாய்ஸில் ஏற்றித் தருகிறோம் என்று கல்லாவில் எழுதி ஒட்டியிருக்கிறோம், வரிக் கணக்குக்கு வேண்டியவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.